ஒரு சைன் வளைவும் 31 எண்களும்

பள்ளிக் கணக்கில் வரைந்த சைன் வளைவு நினைவிருக்கும். -π இல் கிளம்பி, பள்ளத்தில் இறங்கி, நடுவில் ஏறி, மேட்டைத் தொட்டு, π இல் மறுபடி சுழிக்கு வந்து நிற்கும். அந்த வளைவின் மேல் 200 புள்ளிகளை வைத்து, ஒவ்வொன்றையும் சற்றே மேலோ கீழோ தட்டிவிட வேண்டும். தட்டுதலின் திட்ட விலக்கம் 0.1. இனி வளைவைக் காட்டாமல் புள்ளிகளை மட்டும் ஒரு குட்டி நியூரல் நெட்வொர்க்கிடம் கொடுத்து, மறைந்திருக்கும் கோட்டைக் கண்டுபிடிக்கச் சொல்வதுதான் சோதனை.

பைடார்ச்சில் அந்த நெட்வொர்க் ஒரே வரியில் அடங்கிவிடும்:

```
net = nn.Sequential(nn.Linear(1, 10), nn.Tanh(), nn.Linear(10, 1))
```

நடுவில் பத்து நியூரான்கள். மாற்றிக்கொள்ளக்கூடிய எண்கள் மொத்தம் 31. நடுவிலுள்ள `nn.Tanh()` தான் ஆக்டிவேஷன். சோதனை முழுக்க மாறப்போவது அது ஒன்றுதான்.

முதலில் அதை எடுத்தே விடலாம். நேர்கோட்டுக் கணக்கின் மேல் இன்னொரு நேர்கோட்டுக் கணக்கைப் போட்டால் கிடைப்பதும் நேர்கோடுதான். அதனால் 31 எண்கள் இருந்தும், புள்ளிகளுக்கு நடுவே சாய்வு சுமார் 0.3 உள்ள ஒரு கோடு மட்டுமே வரும். சராசரி வர்க்கப் பிழை 0.2 அளவில் நின்றுவிடும். எத்தனை ஆயிரம் சுற்று பயிற்றுவித்தாலும் இறங்காது. இறங்கவேண்டிய தரை 0.01. அது 0.1 இன் வர்க்கம், அதாவது புள்ளிகளைத் தட்டிவிட்டதால் வந்த பிழை. அதற்கும் வெகு கீழே பிழை இறங்கினால் சந்தோஷப்படக் கூடாது: நெட்வொர்க் வளைவை விட்டுவிட்டுத் தட்டுதல்களை மனப்பாடம் செய்கிறது.

அடுத்து ரெலு. எதிர் எண் வந்தால் சுழி, நேர் எண் வந்தால் அப்படியே வெளியே விடும் எளிய விதி இது. ஒரு ரெலு நியூரான் வரைவது ஓரிடத்தில் மடங்கிய கோடு. பத்து நியூரான்கள் சேர்ந்தால் அதிகபட்சம் பத்து மடிப்பு, பதினொரு துண்டு. தச்சரின் மடக்கு அளவுகோலை வளைத்து வைத்தது போல, மேட்டின் உச்சியில் முனைகள் துருத்திக்கொண்டு நிற்கும்.

மடிப்புகள் எங்கே விழுகின்றன என்பதில்தான் சிக்கல். பைடார்ச் எடையையும் கூட்டும் எண்ணையும் -1 முதல் 1 வரை குலுக்கிப் போடுவதால், சராசரியாகப் பாதி மடிப்புகள் -1க்கும் 1க்கும் இடையிலேயே தொடங்குகின்றன. வளைவு திரும்புவதோ ±1.57 இல். மடிப்புகள் அங்கே நகர்ந்தாக வேண்டும்.

சில நகரவே மாட்டா. எடை 0.2, கூட்டும் எண் -0.9 என்று ஒரு நியூரான் பிறந்தால், அதன் மடிப்பு 4.5 இல், புள்ளிகளுக்கு அப்பால் விழும். 200 புள்ளிகளுக்கும் அது சுழியையே தரும். திருத்தச் சொல்லும் சமிக்ஞையும் சுழி என்பதால் அது திருந்தவும் வழியில்லை. நடு அடுக்கின் வெளியீட்டை அச்சிட்டுப் பார்த்தால் ஒரு நெடுவரிசை முழுக்கச் சுழியாக இருக்கும். அதை வைத்துச் செத்த நியூரானை அடையாளம் காணலாம்.

டேன்ஹெச் மென்மையான S வடிவம். இறங்க ஒன்று, ஏற ஒன்று, மறுபடி இறங்க ஒன்று என மூன்று S களே இந்த வளைவை ஏறக்குறைய உருவாக்கிவிடும். மூங்கில் பிளாச்சை வளைத்தது போலக் கோடு வழவழப்பாக வரும்.

ஆனாலும் நன்றாகப் பயிற்றுவித்தால் ரெலு, டேன்ஹெச் இரண்டின் பிழையுமே 0.01ஐ ஒட்டி வந்துவிடும். அந்த எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. புள்ளிகள் முடியும் π ஐத் தாண்டி 2π வரை வரைந்து பார்க்க வேண்டும். அங்கே உண்மையான வளைவு பள்ளத்தில் இறங்கி ஏறி மறுபடி சுழிக்கு வருகிறது. ரெலுவோ கடைசித் துண்டின் சாய்விலேயே போய், பெரும்பாலும் -3 ஐ நெருங்குகிறது. டேன்ஹெச் மெல்லத் தட்டையாகி ஓரிடத்தில் படுத்துவிடுகிறது. மறுபடி ஏற வேண்டும் என்பது இரண்டுக்குமே தெரியாது.

டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020 இல் இந்தக் குறையை எடுத்துக்காட்டி, x + sin²x என்ற ஆக்டிவேஷனை முன்வைத்தார்கள். அதில் திரும்பத் திரும்ப வரும் அலையும் உண்டு, சீராக ஏறும் x உம் உண்டு. அந்த x ஏன் தேவை என்பதை, வெறும் சைனையே ஆக்டிவேஷனாகப் போட்டால் பார்க்கலாம். தொடக்க அதிர்வெண் சரியானதை ஒட்டி இருந்தால் π க்கு அப்பாலும் கோடு சரியாகப் போகலாம். வெகு தள்ளி இருந்தால், அதிர்வெண்ணைச் சிறிது கூட்டினாலும் குறைத்தாலும் பிழை ஏறுகிற ஒரு குழியில் நெட்வொர்க் சிக்கிக்கொள்ளும். புள்ளிகளுக்குள்ளேயே கோடு பொருந்தாமல் நெளியும்.