பத்து பாஸ், பத்துப் பெயர்

கருத்தரங்கு தொடங்கும் காலை. வரவேற்பு மேசை முன்னால் ஸ்பான்சர் நிறுவனத்தின் விருந்தாளி ஒருவர் நிற்கிறார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. "பத்து பாஸ் தருவதாகச் சொன்னீர்களே" என்கிறது நிறுவனம். "பெயரே வரவில்லையே" என்கிறார் அமைப்பாளர். இருவர் சொல்வதும் உண்மைதான். கோளாறு, சில வாரங்களுக்கு முன் போன மின்னஞ்சலில் இருக்கிறது.

அப்படிப்பட்ட மின்னஞ்சல்களில் வழக்கமாக இருப்பது இது: "ஒப்பந்தப்படி உங்களுக்கு இலவச பாஸ்கள் உண்டு. விருந்தினர் பெயர்களை விரைவில் அனுப்பவும்." எத்தனை பாஸ் என்று இல்லை. ஸ்டாலில் நிற்கும் ஊழியர்கள் அந்தக் கணக்கில் சேர்வார்களா என்றும் இல்லை. 'விரைவில்' என்பது அமைப்பாளருக்கு இந்த வாரம், ஸ்பான்சருக்கு நிகழ்ச்சிக்கு முந்தின நாள்.

சென்னையில் ஜனவரி 24, சனிக்கிழமை ஒரு கருத்தரங்கு நடப்பதாக வைத்துக்கொள்வோம். பேட்ஜ் அச்சாக வேண்டும், சாப்பாட்டுக்குத் தலைக்கணக்கு சொல்ல வேண்டும். பத்து நாள் முன்னதாகப் பட்டியல் வேண்டுமென்று எண்ணினால் ஜனவரி 14 வருகிறது. அன்று போகி; பொங்கல் முடியும்வரை பாதி அலுவலகங்களில் பதில் சொல்ல ஆள் இருக்காது. அனுபவமுள்ளவர் கெடுவை 12ஆம் தேதிக்கு நகர்த்திவிட்டு இப்படி எழுதுவார்:

"உங்கள் நிறுவனத்துக்கு 10 இலவச பாஸ். ஸ்டால் ஊழியர் இருவருக்கான பேட்ஜ் இதில் சேராது. பெயர்களை ஜனவரி 12, திங்கள் மாலை 5 மணிக்குள் அனுப்புங்கள். 20ஆம் தேதி வரை ஒருவருக்குப் பதில் இன்னொருவர் பெயரைத் தரலாம், எண்ணிக்கை கூடாது. அதற்குள்ளும் பெயர் வராத இடங்கள் காத்திருப்போர் பட்டியலுக்குப் போகும்."

கடைசி வாக்கியத்தைப் பலர் எழுதத் தயங்குகிறார்கள், பணம் தந்தவர் மனம் கோணுமே என்று. ஆனால் கெடு தாண்டினால் என்ன ஆகும் என்று சொல்லாத கெடுவை யாரும் மதிப்பதில்லை. அதை முன்பே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு, நம் ஊருக்கே உரியது. ஸ்பான்சர் 'கே. ரமேஷ்' என்று அனுப்புவார். வாசலில் காட்டும் அடையாள அட்டையில் 'ரமேஷ் கிருஷ்ணன்' என்றிருக்கும். அரங்கக் காவலருக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். 'அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர்' என்று தலைப்பிட்ட கட்டத்தோடு ஒரு பட்டியலை மின்னஞ்சலுடன் இணைத்துவிட்டால் இந்தத் தகராறு வராது. பக்கத்திலேயே கைபேசி எண்ணுக்கும் ஒரு கட்டம் இருக்கட்டும்.

எல்லா ஸ்பான்சர்களுக்கும் ஒரே மின்னஞ்சலில் அட்டவணை போட்டு அனுப்புவது பெரும் பிழை. நான்கு பாஸ் பெற்றவர், பக்கத்து வரியில் இருபதைப் பார்ப்பார்; அன்று மாலையே தொலைபேசி அடிக்கும். ஆளுக்கொரு மின்னஞ்சல் அனுப்புங்கள். 'கிடைத்தது, 10 சரி' என்று பதில் வரும்வரை அந்த எண்ணிக்கையை உறுதியானதாகக் கொள்ளாதீர்கள்.