காதுகுத்துக் கடன் கடையைத் தின்ற கணக்கு

தெருமுனையில் ஒரு சின்ன மளிகைக் கடை. கடைக்காரருக்கு இருப்பது ஒரே சேமிப்புக் கணக்கு. ஜிபேயில் விழும் வியாபாரப் பணம், மனைவி வாங்கிய மகளிர் குழுக் கடன், மச்சான் அனுப்பிய கைமாற்று எல்லாம் அதில்தான் சேரும். பள்ளிக் கட்டணமும் சரக்குப் பணமும் அதிலிருந்துதான் போகும். "கடையும் என்னுது, வீடும் என்னுது, இதில் என்ன பாகப்பிரிவினை?" என்பார். கேள்வி நியாயமானதுதான். பதிலுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நாளைக்கு 4,000 ரூபாய் வியாபாரம். நூற்றுக்குப் பன்னிரண்டு லாபம் என்றால் 480 ரூபாய். வாடகை, கரண்டுக்கு நாளொன்றுக்கு 130 போக மிச்சம் 350. அந்த 350-இல் வீடு ஓடுகிறது. இதற்கிடையில் மகளுக்குக் காதுகுத்து வருகிறது. 20,000 ரூபாய் தண்டல் வாங்குகிறார். 3,000 முன்பிடித்தம் போகக் கைக்கு வருவது 17,000. தினம் 200 வீதம் 100 நாள் கட்ட வேண்டும்.

தண்டல்காரர் சாயங்காலம் கடைக்குத்தான் வருவார். கல்லாவில் பணம் கிடக்கும், எடுத்துக் கொடுத்துவிடுவார். வீட்டுச் செலவும் வழக்கம்போல 350. ஆக, மிஞ்சும் 350-இலிருந்து தினமும் 550 போகிறது. கூடுதலாகப் போகும் அந்த 200 ரூபாய் லாபமே இல்லை, மறுநாள் சரக்கெடுக்க வேண்டிய பணம். 100 நாளில் கடைச் சரக்கில் 20,000 ரூபாய் குறைந்துவிடும். கொடுமை என்னவென்றால் இது கண்ணில் படாது. தவணை தவறவில்லை, தண்டல்காரர் சண்டை போடவில்லை. அலமாரியில் மூன்று வரிசை சோப்பு இருந்த இடத்தில் ஒரு வரிசை முன்னால் நிற்கும், பின்னால் காலி. பிறகு "வியாபாரம் டல்" என்று சரக்குக்காக இன்னொரு 20,000 கடன் வாங்குவார். பெயர்தான் கடைக்கடன். உண்மையில் அது காதுகுத்துக்கே இரண்டாம் முறை வாங்கும் கடன்.

எந்தக் கடன் யாருடையது என்பதை, யார் பெயரில் வாங்கினோம், எதை அடகு வைத்தோம் என்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. பணம் எங்கே போனது என்றுதான் பார்க்க வேண்டும். மனைவியின் நகையை வைத்து வாங்கியதாயிருந்தாலும் சரக்குக்குப் போனால் அது கடைக்கடன், வட்டியைக் கடைதான் கட்ட வேண்டும். 60,000 நகைக்கடனில் 40,000 சரக்குக்கும் 20,000 பள்ளிக் கட்டணத்துக்கும் போயிருந்தால், வட்டியில் மூன்றில் இரண்டு பங்கு கடையுடையது, ஒரு பங்கு வீட்டுடையது. வாங்கிய அன்றே நோட்டில் எழுதாவிட்டால் மூன்று மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

கடைக்கென்று நடப்புக் கணக்கு ஒன்று திறப்பது நல்லது. உத்யம் பதிவுச் சான்றிதழ் கேட்பார்கள். அதை இணையத்தில் ஆதார், பான் எண் கொடுத்து இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம், யாருக்கும் பணம் தர வேண்டாம். குறைந்தபட்ச இருப்பு வங்கிக்கு வங்கி மாறும், கேட்டுவிட்டுத் திறக்கவும். கடையில் ஒட்டியிருக்கும் ஸ்கேன் அட்டையைப் புதுக் கணக்குக்கு மாற்றிவிட்டு, பழையதைக் கிழித்துவிட வேண்டும். இரண்டும் ஒட்டியிருந்தால் பாதி வியாபாரம் வீட்டுக் கணக்கில்தான் விழும். வாரத்துக்கு ஒரு நாள் 2,450 ரூபாயை (350 வீதம் ஏழு நாளுக்கு) வீட்டுச் சம்பளமாக மாற்றிவிடலாம். கடைக்கடன் தவணை கடைக் கணக்கிலிருந்து, வீட்டுக்கடன் தவணை வீட்டுக் கணக்கிலிருந்து.

கணக்கு பிரிந்தும் பணம் கசிகிறதா என்று பார்க்க மாதம் ஒரு ராத்திரி போதும். இருக்கும் சரக்கைக் கொள்முதல் விலையில் எண்ணுங்கள். கல்லா, கடைக் கணக்கில் உள்ள பணத்தையும் வாடிக்கையாளர் பாக்கியையும் கூட்டுங்கள். மொத்த வியாபாரிக்குத் தர வேண்டியதையும் கடைக்கடன் பாக்கியையும் கழியுங்கள். வியாபாரம் குறையாமல் இந்தத் தொகை மட்டும் மாதாமாதம் இறங்கினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வீட்டுச் செலவை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தனி ஆள் நடத்தும் கடைக்கும் உரிமையாளருக்கும் சட்டம் வேறுபாடு பார்ப்பதில்லை. கடைக்கடனைக் கட்டாவிட்டால் உங்கள் சொந்தச் சொத்தும்தான் பதில் சொல்ல வேண்டும், சிபில் மதிப்பெண்ணும் உங்களுடையதுதான் இறங்கும். தனிக் கணக்கு எதையும் காப்பாற்றாது. ஆனால் முத்ரா கடனுக்குப் போகும்போது, எது விற்பனை, எது மச்சான் அனுப்பியது என்று பிரித்துப் பார்க்கும் வேலை வங்கி அதிகாரிக்கு இருக்காது.

அடுத்த விசேஷத்துக்குத் தண்டல் வாங்கும் யோசனை வந்தால், இப்போது கணக்கு கல்லாவைப் பார்க்காது, வீட்டுச் சம்பளத்தைத்தான் பார்க்கும். 350-இல் 200 போனால் மிச்சம் 150. அதில் நூறு நாள் அடுப்பெரியுமா என்று கையெழுத்துப் போடும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடலாம்.