அரை விலைத் திரைக்குக் கொடுத்த முழு விலை

பிலிமத்தலாவையில் கண்டி - கொழும்பு வீதியோரம் பித்தளைப் பொருட்கள் விற்கும் சகோதரர் ஒருவரின் கையடக்கத் தொலைபேசி கல்லாப்பெட்டி மீதிருந்து விழுந்து திரை உடைந்து போனது. 2019 டிசம்பரில் அறிமுகமான சாம்சங் ஏ51 ரகம் அது. உத்தரவாதக் காலம் எப்போதோ முடிந்திருந்தது. குத்துவிளக்கைப் படமெடுத்து வெளியூர் வாடிக்கையாளருக்கு அனுப்புவதும், வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் அவருக்கு இந்த போனில்தான்.

"நானா, கம்பனித் திரை போட்டா செலவு கூட. அதே மாதிரி இன்னொன்னு இருக்கு, பாதி விலைக்கு இப்பவே போட்டுத் தாரேன்" என்றார் திருத்தும் கடை இளைஞர். நம்மில் எவரும் செய்வதைத்தான் இவரும் செய்தார். பாதி விலைத் திரையைப் போட்டுக்கொண்டு அசருக்கு முன் கடைக்குத் திரும்பிவிட்டார்.

அன்று மாலையே முதல் குறை தெரிந்தது. வங்கிச் செயலியைத் திறக்க விரலை வைத்தால் போன் அசையவில்லை. கைரேகையை மறுபடி பதிய முயன்றும் பலனில்லை. காரணம் எளிது. ஏ51இல் கைரேகையைப் படிக்கும் கருவி திரைக்குக் கீழே இருக்கிறது. திரை விரலின் மேல் ஒளி பாய்ச்ச, அந்த ஒளி திரையினூடாகவே திரும்பி வந்து கருவியில் விழ வேண்டும். கம்பனி போட்ட அமொலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது. பின்னால் விளக்குப் பலகை கிடையாது. எனவே ஒளி ஊடுருவும். மலிவாகக் கிடைக்கும் மாற்றுத் திரையோ எல்சிடி வகை. சந்தையில் 'இன்செல்' என்றும் 'டிஎப்டி' என்றும் சொல்வது இதைத்தான். அதன் பின்னால் விளக்குப் பலகை மறைத்துக்கொண்டிருப்பதால் கருவிக்கு விரல் தெரியவே தெரியாது. எந்த மென்பொருளாலும் இதைச் சரிசெய்ய முடியாது. மாற்றுத் திரையிலும் அமொலெட் வகை உண்டு. விலை சற்றுக் கூடினாலும் அதில் கைரேகை வேலை செய்ய வாய்ப்பிருக்கிறது. ஆகவே "ஒரிஜினலா, கொப்பியா" என்று கேட்பதை விட "அமொலெட்டா, எல்சிடியா" என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

இரண்டாவது குறையை அவர் பெட்டரியின் தலையில் போட்டார். முன்பு இரவு வரை நின்ற சார்ஜ் இப்போது லுஹருக்குள் இறங்கத் தொடங்கியது. உண்மையில் இதுவும் திரையின் வேலைதான். அமொலெட் திரையில் கறுப்புப் பகுதிகள் அணைந்தே கிடக்கும். எல்சிடியில் படம் கறுப்பாக இருந்தாலும் பின்விளக்கு முழுவதும் எரிந்துகொண்டிருக்கும். இது தெரியாமல், "பெட்டரி பழசாகிவிட்டது" என்ற முடிவோடு வேறொரு கடைக்குப் போய் பெட்டரியையும் மாற்றினார். ஏ51இன் சொந்தப் பெட்டரி 4,000 மில்லி அம்பியர் மணி கொள்ளளவு கொண்டது. அவருக்குக் கிடைத்ததில் 5,500 என்று அச்சிட்டிருந்தது. அதே நீள அகலம், அதே தடிப்பு, எடை மட்டும் குறைவு. எடை குறைந்து கொள்ளளவு கூடும் பெட்டரியைக் கண்டால் அந்த எண்ணை நம்பாதீர்கள்.

சில மாதங்களில் போனின் பின்மூடி ஓரத்தில் கிளம்பியது. பெட்டரி உப்பிவிட்டது.

திரையில் ஏமாந்தால் வசதிதான் போகும். பெட்டரியில் ஏமாந்தால் தீ பிடிக்கலாம். இன்றைய போன்களின் பெட்டரிகள் பெரும்பாலும் 4.35 வோல்ட் அல்லது அதற்கும் மேல் சார்ஜ் ஏற்றத்தக்கவையாகச் செய்யப்படுகின்றன. எவ்வளவு ஏற்றுவது என்பதைத் தீர்மானிப்பது போன்தான். உள்ளே இருப்பது 4.2 வோல்ட்டுக்குச் செய்த பழைய வகை செல் என்றால் போனுக்கு அது தெரியாது, வழக்கம்போல் ஏற்றும். நாளாந்தம் இப்படி மிகையாக ஏற, உள்ளே வாயு உண்டாகி செல் உப்புகிறது. இன்னொன்று, நல்ல பெட்டரியில் சூட்டை உணரும் சிறு பாகம் ஒன்று உண்டு. சூடேறினால் போன் சார்ஜ் ஏற்றுவதைக் குறைக்கும். மலிவான சிலவற்றில் அதன் இடத்தில் வெறும் தடையி ஒன்றை ஒட்டிவிடுகிறார்கள். பெட்டரி கொதித்தாலும் 'எல்லாம் சுகம்' என்றே போனுக்குச் செய்தி போகும். உப்பிய பெட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது. சார்ஜ் ஏற்றாமல், போனை அணைத்து, கழற்றத் தெரிந்தவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

கம்பனிப் பெட்டரி என்றால் குறையே வராதா? வரும். 2007 ஆகஸ்டில் நொக்கியாவின் பிஎல்-5சி பெட்டரிகள் 4 கோடி 60 இலட்சம் பற்றி எச்சரிக்கை வந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அவை ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் நொக்கியாவுக்காகவே செய்தவை. சுமார் நூறு பெட்டரிகள் அளவுக்கு மீறிச் சூடேறியதாக அறியப்பட்டதும், இலவசமாக மாற்றித் தருவதாக நொக்கியா அறிவித்தது. தவறு நடந்தால் பொறுப்பேற்க ஒருவர் இருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் பழைய ரக போனுக்கு 'ஒரிஜினல்' என்று தருவது பல வருடம் அலுமாரியில் கிடந்ததாகவும் இருக்கலாம். லிதியம் பெட்டரி பாவிக்காமலே பழுதாகும். உற்பத்தித் திகதியைக் கேட்டு வாங்குங்கள்.

உத்தரவாதம் பற்றி ஒரு வார்த்தை. விழுந்து உடைந்த திரைக்குப் பொதுவாக கம்பனி உத்தரவாதம் பொருந்தாது. அதற்காக முதல் வருடத்திலேயே வெளிக் கடையில் போனைத் திறந்தால், பின்னர் உள் பலகை பழுதாகும்போது முகவர் கைவிரிக்க இடமுண்டு. அவுஸ்திரேலியாவில் இது நீதிமன்றம் வரை போனது. வெளியில் திரை மாற்றிய ஐபோன், ஐபேட்கள் சில 2015, 2016 காலத்தில் 'பிழை 53' காட்டிச் செயலிழந்தன. வெளியாள் திருத்தியதால் பரிகாரம் இல்லை என்று அப்பிள் சொன்னது தவறு எனத் தீர்ப்பாகி, 2018இல் 90 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் அபராதம் விழுந்தது. அது அவர்கள் நாட்டுச் சட்டம். இங்கே நாம் முதல் வருடத்தில் முகவரின் சேவை நிலையத்துக்குப் போவதே புத்தி. அந்த வருடம் கடந்த பிறகு வெளிக் கடையில் இழப்பதற்கு உத்தரவாதம் எதுவும் மிஞ்சியிருக்காது.

நமது சகோதரர் கடைசியில் அமொலெட் திரையும் நம்பகமான பெட்டரியும் போட்டுக்கொண்டார். மொத்தச் செலவு முதலில் கேட்ட கம்பனித் திரையின் விலையைத் தாண்டியிருந்தது. இம்முறை காசு கொடுக்கு முன் கடையில் நின்றே சோதித்தார். சாம்சங்கில் `*#0*#` என்று அழுத்தினால் சோதனைப் பட்டியல் திறக்கும். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் திரை முழுக்கச் சீராக வருகிறதா, `Touch` சோதனையில் ஓரக் கட்டங்கள் எல்லாம் விரலுக்கு நிறம் மாறுகின்றனவா என்று பார்த்தார். பழைய கைரேகையை அழித்துப் புதிதாகப் பதிந்தார். தன் கடைப் பித்தளைச் செம்பின் படத்தைத் திறந்து பார்த்தார். முந்திய திரையில் அது நீலம் பாரித்துத் தெரிந்ததாம்.

பற்றுச்சீட்டில் வெறுமனே 'டிஸ்ப்ளே' என்று எழுதினால் பின்னர் வாதாட வழியில்லை. திரையின் வகை, பெட்டரியின் கொள்ளளவு, கடை தரும் உத்தரவாத நாட்கள் மூன்றையும் எழுதி வாங்குங்கள். பொருள் விற்பவராகவோ திருத்திக் கொடுப்பவராகவோ இருப்பவர்கள் இதை எழுதிக் கொடுக்கப் பழகுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, திருத்த வேலைக்குப் போடும் பொருள் அதன் நோக்கத்துக்குத் தக்கதாக இருக்க வேண்டும். எல்சிடியை அமொலெட் என்று விற்பது பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதாகும். முறைப்பாட்டை மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.