40 கார் கூடினால் மும்மடங்கு காத்திருப்பு

செங்கல்பட்டை அடுத்த பரனூர் சுங்கச்சாவடியில் ஒரு வழித்தடம் ஒரு காரை அனுப்பச் சராசரியாக 10 விநாடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 360 கார் கடக்கலாம். வருவது 300 என்றால் மணிக்கு 60 காருக்கு இடம் மிச்சம். அப்படியானால் வரிசையே இருக்காதே என்று தோன்றும்.

ஆனால், கார்கள் சீரான இடைவெளியில் வருவதில்லை. நான்கைந்து சேர்ந்து வரும், பிறகு சாலை வெறிச்சோடும். ஃபாஸ்டேக் ஒன்று படிக்காவிட்டால் பின்னால் உள்ளவர்களும் நிற்பார்கள். இந்த ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் கணிக்க எளிய சூத்திரம் உண்டு: கடக்கும் எண்ணிக்கையிலிருந்து வரும் எண்ணிக்கையைக் கழித்து, 60-ஐ அந்த மீதியால் வகுத்தால், வரிசையில் சேர்ந்து வெளியேறும்வரை ஆகும் சராசரி நிமிடம் கிடைக்கும்.

மீதி 60 என்றால் 1 நிமிடம். வருகை 340 ஆனால் மீதி 20, ஆகவே 3 நிமிடம். 354-ஐத் தொட்டால் 10 நிமிடம்!

பொங்கலுக்கு முந்தைய இரவில் 420 கார் வந்தால் இந்தச் சூத்திரம் பயன்படாது. அப்போது மணிக்கு 60 கார் தேங்கும். 2 மணி நேரத்தில் 120 கார். கடைசியில் சேருபவர் சுமார் 20 நிமிடம் நிற்க வேண்டும். இன்னொரு வழித்தடத்தைத் திறந்தால்தான் வரிசை கரையும்.