கடைக்குப் போகிற பையனின் மூன்று வாரம்

பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் எங்கள் தெருப் பையன் மாலை ஐந்து முதல் பத்து வரை மருந்துக்கடையில் நிற்கிறான். புதனும் ஞாயிறும் விடுமுறை. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, கல்லூரித் தளத்தில் ஏற்றியிருந்த பாடத்திட்டத்தையும், எந்தத் தேதியில் என்ன நடத்தினார்கள் என்ற வகுப்புப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு வந்தான். நான்கு தாள், தாளுக்கு ஐந்து அலகு, ஆக இருபது.

முதலில் பாடத்தை எண்ணவில்லை, மணியை எண்ணினோம். கடை உள்ள நான்கு வேலைநாட்களில் கல்லூரி முடிந்து கடை திறப்பதற்குள் ஒன்றரை மணி நேரம். புதன் நான்கு, சனி காலை மூன்று, ஞாயிறு ஐந்து. வாரத்துக்குப் பதினெட்டு. இரவு பத்தரைக்கு மேல் படிப்பதாக அவன் போட்டு வைத்திருந்ததை நான் அடித்துவிட்டேன். ஐந்து மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவன் புத்தகத்தைத் திறக்கலாம், படிக்க முடியாது.

பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். காஸ்ட் அக்கவுண்டிங்கில் காஸ்ட் ஷீட்டுக்கு ஒன்பது வகுப்பு, பிராசஸ் காஸ்டிங்குக்குக் கடைசியில் அவசரமாக இரண்டே வகுப்பு. பாடத்திட்டத்திலோ இரண்டும் ஆளுக்கு ஓர் அலகு. அதோடு அவன் வராத நாட்களைப் பென்சிலால் சுழித்தபோது புள்ளியியலில் ஒட்டுறவு முழுவதும் விழுந்துவிட்டது. வெறும் பாடத்திட்டத்தை வைத்து அட்டவணை போட்டிருந்தால் இந்த ஓட்டை தெரிந்திருக்காது. இப்படிக் கணக்குத் தாள்களில் எட்டு அலகு 'கடினம்' ஆனது. அவற்றுக்கு இரண்டு மணி, மற்ற பன்னிரண்டுக்கு ஒரு மணி: மொத்தம் இருபத்தெட்டு. முதல் இரண்டு வாரத்தின் முப்பத்தாறில் எட்டு மணி நேரம் மிச்சம். அதை ஞாயிறுகளில் காலியாக விட்டோம். மாதக் கடைசியில் சரக்கு எண்ணும் நாளில் கடை நள்ளிரவு வரை நீளும், மறுநாள் படிப்பு போய்விடும். காலி இடம் அதற்குத்தான்.

ஒவ்வோர் அமர்விலும் முதல் பத்து நிமிடம், முந்தைய பாடத்தைப் புத்தகம் மூடி எழுதிப் பார்க்க வேண்டும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் செய்த சோதனையில், ஒரு பகுதியை இரண்டு முறை வாசித்தவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்து, ஒருமுறை வாசித்து நினைவிலிருந்து எழுதியவர்களே முன்னால் நின்றார்கள். திரும்பத் திரும்ப வாசிப்பவருக்குப் பாடம் தெரிந்துவிட்டதுபோல் தோன்றுவது ஏன் என்பது இதில் விளங்கும்.

மூன்றாம் வாரம் முழுக்கப் பழைய வினாத்தாள். மூன்று மணி நேரம் சேர்ந்து கிடைப்பது புதன், சனி, ஞாயிறு மட்டும். அதனால் கம்பெனி சட்டத்தைத் திங்கள், செவ்வாய் என்று பாதி பாதியாக எழுதச் சொன்னேன்.

முதல் வாரத்திலேயே பிராசஸ் காஸ்டிங் இரண்டு முறை அடுத்த நாளுக்குத் தள்ளிப்போனது. அவன் சோம்பேறி என்று தன்னையே திட்டிக்கொண்டான். நாங்கள் போட்ட இரண்டு மணிதான் தவறு. சாதாரண நட்டத்தை ஒரு நாள், அசாதாரண நட்டத்தை இன்னொரு நாள் என்று பிரித்து, ஞாயிற்றுக்கிழமைக் காலியிலிருந்து ஒரு மணியை எடுத்துக் கொடுத்தோம்.