சாவி ஒரு நாள், வாடகை இன்னொரு நாள்

தாம்பரத்தில் 600 சதுர அடிக் கடை ஒன்றை பேக்கரிக்காக மூன்று வருடக் குத்தகைக்குப் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை 40,000 ரூபாய், அட்வான்ஸ் பத்து மாத வாடகையான 4 லட்சம். சாவி கைக்கு வந்த மறுநாளே கடையைத் திறந்துவிட முடியாது. தரைக்கு டைல்ஸ் போட வேண்டும், ஒயரிங் மாற்ற வேண்டும், புகை வெளியேறக் குழாய் வைக்க வேண்டும், கண்ணாடி ஷோகேஸும் போர்டும் வர வேண்டும். இதற்கு 45 நாள் ஆகிறது என்றால், ஒரு பன்கூட விற்காமலே 60,000 ரூபாய் வாடகை போய்விடும். அந்த நாட்களுக்கு வாடகை வேண்டாம் என்று கேட்பதைத்தான் 'ஃபிட் அவுட் பீரியட்' என்கிறார்கள். பெரிய மால்களில் இது சாதாரணமாக நடப்பது. தெருக் கடைகளில் பலர் கேட்கத் தயங்குகிறார்கள்.

கேட்டால் ஓனர் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்: "வேலை நடக்கிறது உங்க கடைக்கு. அதுக்கு நான் ஏன் சார் வாடகையை விடணும்?"

நியாயமான கேள்வி. பதிலும் அவருடைய கணக்கிலிருந்தே வர வேண்டும். மூன்று வருடத்தில் அவருக்குக் குறைந்தது 14,40,000 ரூபாய் வாடகை வரும். அதில் 60,000 என்பது சுமார் 4 சதவீதம். இதே தொகையை மாத வாடகையில் குறைத்துக் கேட்டால் மாதம் 1,667 ரூபாய் குறையும். ஆனால் அப்படிக் குறைத்தால் அடுத்த வருட வாடகை உயர்வும் குறைந்த தொகையின் மேல்தான் கணக்காகும். பக்கத்துக் கடைக்காரரும் அதையே காட்டிக் கேட்பார். தொடக்கத்தில் சில நாட்களை விட்டுக்கொடுத்தால் பத்திரத்தில் வாடகை 40,000 என்றே நிற்கும். ஓனருக்கு வாடகைக் குறைப்பைவிட இது நல்லது என்பதை எடுத்துச் சொன்னால் பேச்சு நகரும்.

நாட்களையும் வாய்க்கு வந்தபடி கேட்கக் கூடாது. எந்த வாரம் தரை, எந்த வாரம் ஒயரிங், எப்போது ஷோகேஸ் என்று காண்ட்ராக்டரிடம் எழுதி வாங்கிக் காட்டினால் 45 நாள் என்பதற்கு ஆதாரம் கிடைக்கும். கேட்க வேண்டிய நேரம் டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு. பணம் கை மாறிய பிறகு ஓனர் இறங்கிவருவதற்குக் காரணமே இல்லை.

பலர் ஏமாறுவது இதற்குப் பிறகுதான். "45 நாள் வாடகை இல்லை" என்று மட்டும் எழுதினால், எந்த நாளிலிருந்து 45? அக்ரிமெண்டில் கையெழுத்திட்ட நாளிலிருந்து என்று எடுத்துக்கொண்டால், பழைய வாடகைதாரர் தன் அலமாரிகளைக் காலி செய்ய எடுக்கும் இரண்டு வாரமும் உங்கள் கணக்கில் கழியும். மின்சாரத்திலும் இதே சிக்கல் உண்டு. பேக்கரியின் பெரிய மின் அடுப்புக்குப் பொதுவாக மூன்று ஃபேஸ் இணைப்பு வேண்டும். இணைப்பு ஓனர் பெயரில் இருப்பதால், லோடு கூட்ட அவர் கையெழுத்தில்லாமல் விண்ணப்பிக்க முடியாது. அவர் ஊரில் இல்லையென்றால் வேலை முழுக்க முடிந்தும் அடுப்பு எரியாது. கடை பார்க்கப் போகும்போதே மீட்டர் ஒரு ஃபேஸா மூன்று ஃபேஸா என்று பார்த்துவிடுவது நல்லது.

அதனால் அக்ரிமெண்டில் இப்படி எழுதலாம்: "கடையை முழுவதும் காலி செய்து சாவி ஒப்படைத்த நாள், மூன்று ஃபேஸ் இணைப்புக்கான விண்ணப்பத்தில் உரிமையாளர் கையெழுத்திட்டுக் கொடுத்த நாள், இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து 45 நாள் கழித்து வாடகை தொடங்கும்." சாவி வாங்கும் அன்றே மீட்டர் ரீடிங்கைக் குறித்து, காலிக் கடையைப் படமெடுத்து, ஒரு தாளில் இருவரும் தேதியோடு கையெழுத்திட வேண்டும். அந்தத் தேதியைப் பிறகு யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

ஓனரும் ஒரு நிபந்தனை கேட்பார்: குறிப்பிட்ட காலத்துக்குள் காலி செய்தால் விட்டுக்கொடுத்த 60,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். இது நியாயமே. ஆனால் ஒரு வருடம் நடத்தியவரும் முழுத் தொகையைத் தருவது சரியல்ல; மாதத்துக்கு மாதம் குறைந்துவரும்படி கேளுங்கள். உள்வேலை நாட்களின் கரண்ட் பில்லை நீங்களே கட்டுவதாக முதலிலேயே சொல்லிவிடுங்கள். வருடாந்திர வாடகை உயர்வு சாவி வாங்கிய நாளிலிருந்தா, வாடகை தொடங்கிய நாளிலிருந்தா என்பதையும் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் ஒவ்வொரு வருடமும் உயர்வு ஒன்றரை மாதம் முன்னதாகவே வந்து நிற்கும்.

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிந்த பத்திரத்தில் வாடகை முதல் நாளிலிருந்தே என்று இருந்தால், "ஓனர் வாயால் சொன்னார்" என்பது பின்னால் உதவாது. வாடகை தொடங்கும் தேதிக்கென்று தனி வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.