எச்சரிக்கை வராத கருவி

கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் வேலையிலிருந்து விலகும்போது எழுதிவைக்கும் ஒப்படைப்புக் குறிப்பில், முடியாத விசாரணைகளுக்கும் முன்பாக நான் தேடுவது, எதையெல்லாம் கண்காணிக்கவில்லை என்ற பகுதியைத்தான்.

அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸில் 2017 மார்ச்சில், அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளின் ஓட்டையை அடைக்கச் சொல்லி உள்ளுக்குள் மின்னஞ்சல் போனது. முகவரிப் பட்டியல் பழையது. அடைக்க வேண்டியவர்களுக்கு அது சேரவில்லை. பிறகு நடந்த ஸ்கேனிலும் ஓட்டை சிக்கவில்லை. மே மாதம் திருடர்கள் நுழைந்தார்கள். மறையாக்கிய தரவைப் பிரித்துப் பார்க்க ஒரு கருவி இருந்தது. ஆனால் அதன் சான்றிதழ் பல மாதங்களுக்கு முன்பே காலாவதியாகிவிட்டதால், தரவு பிரிக்கப்படாமலே கடந்து போனது. ஜூலை இறுதியில் சான்றிதழைப் புதுப்பித்ததும் சந்தேகத்துக்குரிய போக்குவரத்து கண்ணில் பட்டது. அதற்குள் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போய்விட்டன.

எனவே, ‘கருவி இயங்குகிறது’ என்று மட்டும் எழுதினால் போதாது. சான்றிதழ் முடியும் தேதி, அதைப் புதுப்பிப்பவர், தீங்கற்ற சோதனைக் கோப்பை அனுப்பி எச்சரிக்கை வந்ததைக் கடைசியாகச் சரிபார்த்த நாள் மூன்றும் வேண்டும். பேட்ச் நிலுவையில் இருந்தால், எந்த சர்வர், இன்று அதற்குப் பொறுப்பு யார் என்று ஆளின் பெயரையே எழுத வேண்டும்.